விதைப்புக் கோடு நகர்ந்துவிட்டதா? நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு விளக்க மடல்

அன்புள்ள வாடிக்கையாளர் பெருமக்களுக்கு வணக்கம்.

ஜிபிஎஸ் பார்த்துத் திரையில் போட்ட கோட்டின் மேல் தானாக ஓடும் நம் டிராக்டர், பேரையூர் பக்கத்தில் மக்காச்சோளக் காட்டில் களை எடுக்கப் போனபோது எடுத்த வீடியோ ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சக்கரம் பயிர் மேலேயே ஏறிப் போகிறது. "ஜிபிஎஸ் என்று சொல்லிக் காசு வாங்குகிறார்கள், கோடு ஒன்றேகால் அடி நகர்ந்து கிடக்கிறது, ஏமாற்று வேலை" என்று கீழே எழுதியிருக்கிறார்கள். பயிர் மிதிபட்டது உண்மை, அதில் எனக்கும் வருத்தம்தான். முதல் சாலில் கொஞ்ச தூரம் போனதுமே டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டார். அன்றைக்கு நாம் வாடகையும் வாங்கவில்லை. ஆனால் ஏமாற்று என்ற சொல்லை அப்படியே விட மனம் வரவில்லை.

அந்தக் காட்டில் விதைப்பு நடந்தது சாதாரண சிக்னலில். காட்டோரம் பேஸ் கருவி நிறுத்திச் செ.மீ. கணக்கில் ஓட்டும் ஆர்டிகே திருத்தம் வேண்டாம், வாடகை குறைந்தால் போதும் என்று கேட்டு வாங்கிய வேலை அது, ரசீதிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. சாதாரண சிக்னல் என்று நாம் சொல்வது, செயற்கைக்கோள் வழியாகவே வரும் ககன் திருத்தத்தை. இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் விமானங்களுக்காக ஏற்படுத்தியது, யாரும் இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். அதில் ஓடும் வண்டி அடுத்தடுத்த சாலுக்கு இடையே கால் மணி நேரத்துக்குள் 15 முதல் 25 செ.மீ. வரை விலகும். கம்பெனிக்காரர்கள் விளம்பரத்தில் போடுவது இந்தக் கால் மணி நேரக் கணக்கைத்தான். இன்றைக்குப் போட்ட கோட்டுக்கு ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தால் எவ்வளவு விலகும் என்பது வேறு கணக்கு. ககனில் அது அரை மீட்டரையும் தாண்டிப் போகலாம். திரையில் கோட்டின் பெயர் அதேதான் இருக்கும், கோடும் நேராகவே தெரியும், தரையில் மட்டும் அது வேறு இடத்தில் இருக்கும். வீடியோவில் நீங்கள் பார்த்தது இதைத்தான்.

இனி அந்தக் காட்டின் அளவுகளையே எடுத்துக்கொள்வோம். வரிசைக்கு வரிசை 60 செ.மீ., நான்கு வரிசை விதைப்புக் கருவி. ஆகவே திரையில் கருவியின் அகலம் 240 செ.மீ. களையெடுக்கும்போது பின்சக்கரங்கள் இரண்டு வரிசைகளுக்கு நடுவே போக வேண்டும். நம் வண்டியின் 13.6 அங்குல டயர் சுமார் 35 செ.மீ. அகலம். 60-ல் 35 போனால் மீதி 25, பக்கத்துக்குப் பன்னிரண்டரை செ.மீ.தான் இடம். கோடு 40 செ.மீ. நகர்ந்தால் சக்கரத்தின் நடுப்பகுதி பயிர் வரிசையைத் தாண்டியே போய்விடும், பயிர் டயருக்கு அடியில் சிக்கும். ஆர்டிகே திருத்தத்தில் விலகல் 2 முதல் 3 செ.மீ. அதனால்தான் பன்னிரண்டரை செ.மீ. இடத்துக்குள் அது தாராளமாகப் போய் வருகிறது.

"கோட்டைத் தள்ளி வைக்கத் திரையில் ஒரு பட்டன் இருக்கிறதே, அதை அழுத்தியிருக்கலாமே" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அழுத்தினால் கோடு வண்டி நிற்கும் இடத்துக்கு வந்துவிடும், சரி. ஆனால் அடுத்த கால் மணி நேரத்தில் மறுபடியும் 15, 20 செ.மீ. நகரும். நமக்கு இருப்பதோ பன்னிரண்டரை. வேறு சிலர், "களையெடுப்புக்கு மட்டும் ஆர்டிகே போட்டுத் தாருங்கள்" என்கிறார்கள். அதுவும் உதவாது, காரணம் விதைப்பிலேயே இருக்கிறது. ஒரு சாலில் விழும் நான்கு வரிசைகளும் கருவியின் சட்டத்தில் பூட்டியவை, அவற்றுக்குள் 60 செ.மீ. மாறாது. ஒரு சாலும் அடுத்த சாலும் சேரும் இடம்தான் ககனில் 45-ம் ஆகும், 75-ம் ஆகும். ஒவ்வொரு சாலும் தன் பாட்டுக்கு விலகிய காட்டில், துல்லியமாக 240 செ.மீ.க்கு ஒரு கோடு என்று பின்னால் போனால் எந்தச் சாலோடும் பொருந்தாது. விதைக்கும் நாளிலேயே ஆர்டிகே இருந்தால்தான் களையெடுப்பும் மண் அணைப்பும் தானாக ஓடும். இல்லையென்றால் டிரைவர் ஸ்டியரிங்கைத் தன் கையில் பிடித்துத்தான் ஓட்டியாக வேண்டும். இதில் வேறு வழி கிடையாது.

கோடை உழவுக்கும் எரு இறைக்கவும் சாதாரண சிக்னலே போதும், அதற்கு ஆர்டிகே எடுக்கச் சொல்லி யாரையும் நாம் வற்புறுத்துவதில்லை. கலப்பையின் அகலத்தைத் திரையில் 15 செ.மீ. குறைத்துக் கொடுத்தால் சால்கள் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும், இடையில் உழாத மண் பெரும்பாலும் நிற்காது.

ஆர்டிகே எடுக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நாம் கொண்டு வரும் பேஸ், அதாவது முக்காலியில் நிற்கும் கருவி, தன் இடத்தைத் தானே கணக்குப் போட்டால் ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு மீட்டர் முன்பின் சொல்லும். அன்றைக்குள் அது தெரியாது, ஏனென்றால் எல்லாச் சாலும் ஒரே அளவில் தள்ளிப் போகும். அடுத்த மாதம் புதிதாகக் கணக்குப் போட விட்டால் கோடு மொத்தமும் நகர்ந்துவிடும். அதனால்தான் உங்கள் மோட்டார் ரூம் மேடையில் ஓர் ஆணி அடித்து, சிவப்புப் பெயின்ட் வைத்து, அந்தப் புள்ளியின் எண்களை எழுதி வைக்கிறோம். திரும்பி வரும்போது அதே ஆணி மேல் பேஸை நிறுத்தி, அதே எண்களைக் கொடுக்கிறோம். தயவுசெய்து அந்த ஆணியைப் பிடுங்காதீர்கள். மேடையில் சிமென்ட் பூசப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே ஒரு போன் போடுங்கள், வந்து வேறு புள்ளி எடுத்துத் தருகிறோம்.

கோடு போடுகிற நாளில் நீங்களும் காட்டில் இருந்தால் நல்லது. A புள்ளியை ஒரு கோடியிலும் B புள்ளியை மறு கோடியிலும் நீளமான வரப்பை ஒட்டியே வைக்க வேண்டும். பாதி தூரத்திலேயே B-ஐ அழுத்தினால் அங்கே அரையடி கோணியது மறு கோடியில் ஓரடி ஆகிவிடும், வரப்போரம் முக்கோணமாக மண் மிஞ்சும். எந்த வரப்பை ஒட்டி என்பதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

இன்னொன்று, மாலை வேலை. பூமியின் காந்த நடுக்கோடு நமக்குத் தெற்கே கிட்டத்தில்தான் போகிறது. அந்தக் கோட்டை ஒட்டிய ஊர்களில் சூரியன் இறங்கிய பிறகு, மேலே அயனி மண்டலத்தில் செயற்கைக்கோள் சிக்னல் தத்தளிக்கும். பங்குனி, சித்திரையிலும் நம் விதைப்புக் காலமான புரட்டாசி, ஐப்பசியிலும் அது அதிகம். திரையில் FIX என்று இருந்தது FLOAT என்று மாறினால் செ.மீ. கணக்கு போய் அடிக் கணக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது டிரைவர் வண்டியை நிறுத்தினால் அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நிறுத்தச் சொல்லியிருப்பது நான்தான். இரவு ஏழு மணிக்கு மேல் வரிசை வேலைக்கு இனி வண்டி வராது, ஐப்பசி முதல் ஆர்டிகே வாடகை மணிக்கு 150 ரூபாய் கூடுகிறது.

கல்லுப்பட்டி, பேரையூர், திருமங்கலம் கரிசலில் நாம் இந்தத் திரையை முதலில் கொண்டு வந்தபோது, "ஓட்டிப் பாருங்கப்பா" என்று தங்கள் காட்டைத் திறந்து விட்டவர்கள் நீங்கள். வீடியோ வந்த அன்றே போன் செய்து "நடந்தது என்ன?" என்று கேட்ட அண்ணன்மார்களுக்கும், நம் பக்கம் நின்று குரூப்பில் பதில் எழுதியவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. அந்தப் பேரையூர் அண்ணன் காட்டுக்கு அடுத்த விதைப்பை சாதாரண வாடகையிலேயே ஆர்டிகேயில் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். ஆணி அடிக்க இடம் பார்த்து வைக்கச் சொல்லியும் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உரிமையாளர்,
டிராக்டர் வாடகை நிலையம்,
திருமங்கலம்