கணவரின் புகாரை மகளிர் காவல் நிலையத்துக்குத் தள்ளிவிடாதீர்கள்

கடலூர் மாவட்டக் காவல் நிலைய ஆய்வாளர்களுக்கும், நிலைய எழுத்தர்களுக்கும், வரவேற்பு மேசையில் அமர்பவர்களுக்கும்,

வணக்கம். மனைவி அடித்ததாகப் புகார் கொடுக்க ஓர் ஆண் வரும்போது உங்கள் நிலையத்தில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். யாராவது ஒருவர் சிரித்துவிடுவார். "பொண்டாட்டிகிட்ட அடி வாங்கிட்டு வந்து நிக்கிறியேய்யா" என்பார் இன்னொருவர். அப்புறம் வரும் கேள்வி, "நீ என்ன பண்ணே, அவ ஏன் அடிச்சா?" கடைசியில், "இது குடும்பப் பிரச்சினை, மகளிர் ஸ்டேஷனுக்குப் போ."

இந்த மடல் அந்தச் சிரிப்பைப் பற்றியது மட்டுமல்ல. அதன் மறைவில் ஒரு சட்டத் தவறு நடக்கிறது. "ஏன் அடித்தாள்" என்பதற்கு முன்னால் நீங்கள் கேட்க வேண்டியது, "எதால் அடித்தாள், எங்கே பட்டது?" என்பதுதான். புகார் எந்தப் பிரிவில் விழும் என்பதை அந்தப் பதில்தான் முடிவு செய்கிறது.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் புகார்தாரர் பெண்ணாக மட்டுமே இருக்க முடியும். பாரதிய நியாய சன்ஹிதா 85ஆவது பிரிவும், அதாவது பழைய 498ஏவும், மனைவியைக் கொடுமைப்படுத்தும் கணவனுக்கும் அவன் உறவினருக்கும்தான். இவ்வளவும் சரி. ஆனால் இதிலிருந்து பல எழுத்தர்கள் "ஆம்பளைக்குச் சட்டமே இல்லை" என்ற முடிவுக்குப் போய்விடுகிறார்கள். காயம் ஏற்படுத்துவது பற்றிய பிரிவுகள் ஆண், பெண் என்று பிரித்துப் பேசவில்லை. கணவன் மனைவிக்கு விலக்கும் தரவில்லை.

கையால் அறைந்து சிறு காயம் என்றால் 115(2). ஓராண்டு வரை தண்டனை உண்டு, ஆனால் நீங்களாக எஃப்.ஐ.ஆர். போட முடியாத குற்றம். அரிவாள்மனையால் வெட்டினாலோ, கொதிக்கும் எண்ணெயை ஊற்றினாலோ 118(1). சூடான பொருள் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. மூன்றாண்டு வரை தண்டனை, எஃப்.ஐ.ஆர். போட வேண்டிய குற்றம். எலும்போ பல்லோ முறிந்தால் அது கொடுங்காயம், வெறுங்கையால் அடித்திருந்தாலும் 117(2). சப்பாத்திக் கட்டை போன்றவற்றில்தான் வாதம் வரும். தலையில் ஓங்கி அடித்தால் அது ஆயுதம். தொடையில் பட்டால் அப்படிச் சொல்வது கடினம்.

ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம். நெல்லிக்குப்பம் பக்கத்தில் ஒருவர். சண்டையில் மனைவி வாணலி எண்ணெயை முதுகில் ஊற்றிவிடுகிறார். அரசு மருத்துவமனைக்குப் போகிறவர் வெட்கத்தில், "அடுப்பில் எண்ணெய் கவிழ்ந்துவிட்டது" என்கிறார். விபத்துப் பதிவேட்டில் அதுவே ஏறுகிறது. இரண்டு நாள் கழித்து மனம் மாறி உங்களிடம் வருகிறார். எழுத்தர் ஏ.ஆர். நகலைப் பார்த்துவிட்டு, "நீயே தவறிக் கொட்டிக்கிட்டேன்னு சொல்லியிருக்கியே" என்று கோப்பை மூடிவிடுகிறார். இந்த இடத்தில்தான் பெரும்பாலான புகார்கள் சாகின்றன.

ஏ.ஆரில் இருப்பது நோயாளி சொன்னதை மருத்துவர் எழுதிய குறிப்பு, அவ்வளவுதான். அதோடு முரண்பட்டால் விசாரிக்க வேண்டும். புகாரையே வாங்காமல் அனுப்பக் கூடாது. முதலில் ஏன் மறைத்தார் என்பதை வாக்குமூலத்தில் அவர் வாயாலேயே எழுதுங்கள். பிறகு காயம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தானாகக் கவிழ்ந்த எண்ணெய் பெரும்பாலும் வயிறு, தொடை, பாதம் என்று முன்பக்கத்தில்தான் விழும். பிடரியில் தொடங்கி முதுகில் ஓடை ஓடையாக வழிந்த கொப்புளங்கள் வேறு கதை சொல்லும். "இந்தக் காயம் தானாகக் கவிழ்ந்து ஏற்பட்டிருக்க முடியுமா?" என்று மருத்துவரிடம் எழுத்தில் கருத்துக் கேளுங்கள். எண்ணெய் படிந்த சட்டையைத் துவைப்பதற்குள் மகஜர் போட்டுக் கைப்பற்றுங்கள். இப்போது அதை வீடியோவும் எடுக்க வேண்டும். கொப்புளம் ஆறிவிட்டால் எதுவும் மிஞ்சாது, எனவே படம் அன்றே எடுக்கப்பட வேண்டும்.

பணி மருத்துவர்களுக்கும் இதில் ஒரு வரி. "தெரிந்த நபர் ஒருவரால், இன்ன இடத்தில், இன்ன பொருளால் தாக்கப்பட்டதாகக் கூறுகிறார்" என்பதுதான் வழக்கமான வாசகம். மனைவி என்றதும் பேனா தயங்க வேண்டாம். கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டால், பாதிப் பேர் முதல் முறையே உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது மகளிர் காவல் நிலையத்துக்கு அனுப்பும் பழக்கம். எண்ணெய் ஊற்றிய வழக்கு அங்கே போனதும் "குடும்பத் தகராறு" ஆகிறது. இருவரையும் உட்காரவைத்து அறிவுரை, சமாதான எழுத்து, முடிந்தது. குடும்பப் பிரச்சினையில் ஆரம்ப விசாரணை நடத்தலாம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் பி.என்.எஸ்.எஸ். 173(3)இன்படி அதற்கு டி.எஸ்.பி. அனுமதி வேண்டும், 14 நாளுக்குள் முடிக்க வேண்டும். முடிவில்லாத கவுன்சிலிங்குக்கு அதில் இடமில்லை.

எஃப்.ஐ.ஆர். என்றால் இரண்டு பிள்ளைகளின் தாயைக் கைது செய்ய வேண்டியிருக்குமே என்று சில ஆய்வாளர்கள் தயங்குகிறார்கள். நியாயமான கவலைதான். ஆனால் ஏழாண்டு வரையிலான குற்றங்களில் தேவையிருந்தால் தவிரக் கைது கூடாது. 35(3) நோட்டீஸ் கொடுத்து விசாரிக்கலாம். புகார் கொடுப்பவரும் பலநேரம் கைதைக் கேட்பதில்லை. நடந்தது பதிவாக வேண்டும் என்றுதான் கேட்கிறார்.

115(2) மட்டும் பொருந்தும் புகாரிலும் உங்களுக்கு வேலை இருக்கிறது. பி.என்.எஸ்.எஸ். 174 சொல்வது: சாரத்தைப் பதிவேட்டில் எழுதி, புகார்தாரரை நீதித்துறை நடுவரிடம் அனுப்ப வேண்டும். "போய்யா" என்று வாயால் அனுப்புவதை அது சொல்லவில்லை. சி.எஸ்.ஆர். ரசீதில் "குடும்பத் தகராறு" என்று மட்டும் எழுதாமல், தேதி, காயம், பொருள் மூன்றையும் எழுதுங்கள். பின்னால் கொடுமையைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கும்போது குடும்பநல நீதிமன்றத்தில் அவர் கையில் இருக்கும் பழைய ஆவணம் அது ஒன்றாகத்தான் இருக்கும். இந்தக் குற்றத்துக்குக் கால வரம்பு ஓராண்டு. "அப்புறம் வா" என்று நாலு முறை அலையவிட்டால் நடுவர் நீதிமன்றக் கதவும் மூடிவிடும்.

பொய்ப் புகார் வராதா? வரும். மனைவி கொடுக்கப் போகும் புகாரை முந்திக்கொள்ள, தானே கீறிக்கொண்டு வருகிறவனும் உண்டு. அடி வாங்குவோரில் பெண்களே மிக அதிகம் என்பதிலும் எங்களுக்கு மறுப்பில்லை. அதனால்தான் இரு தரப்பும் புகார் கொடுத்தால் இரண்டையும் ஒரே அதிகாரி சேர்த்து விசாரிக்க வேண்டும் என்ற முறையைக் கடைப்பிடிக்கக் கேட்கிறோம். அவள் புகார் மகளிர் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர்., அவன் புகார் புதுநகரில் சி.எஸ்.ஆர். என்று பிரிந்து கிடந்தால் யார் முதலில் அடித்தது என்பது யாருக்குமே தெரியாமல் போகும்.

இனி புகாரை வாங்க மறுக்கும் நிலையங்களிலிருந்து வருவோரிடம், 173(4)இன்படி மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால் அனுப்பச் சொல்லப்போகிறோம். அதற்கும் பலனில்லாவிட்டால் பிரமாணப் பத்திரத்தோடு நடுவரிடம் 175(3) மனு. அந்த மனுவில் எந்த நாள், எத்தனை மணிக்கு, நிலையத்தில் யார் என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார் என்பதும் இருக்கும்.

இப்படிக்கு,
குற்றவியல், குடும்ப வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர்கள் சிலர்,
கடலூர்