கொடிக்கம்பத்திலிருந்து 12 மீட்டர்

பாலக்கோடு

அன்புள்ள செல்வம்,

பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டுவதை நேரில் வரும்போது திட்டிக்கொள். வீட்டில் எல்லாரும் நலம், மாங்காய் சுமார்தான்.

ஏழாம் வகுப்புக்குப் புதையல் வேட்டை வைத்தேன். புதையல் கடலைமிட்டாய்தான், சிரிக்காதே. முதலில் வரைபடத்தைச் சுவரிலிருந்து இறக்கித் தரையில் விரிக்கச் சொன்னேன். சுவரில் தொங்கும்போது வடக்கு எங்கே என்றால் பாதிப் பேர் கூரையைக் காட்டுகிறார்கள்! தரையில் போட்டு, திசைகாட்டி முள்ளுக்கு ஏற்பத் தாளைத் திருப்பியதும் அந்தக் குழப்பம் போய்விட்டது. ஆனால் ஒரு குழுவுக்கு மட்டும் முள் வேறு பக்கம் காட்டியது. பார்த்தால், திசைகாட்டி இரும்பு ஜியாமெட்ரி பாக்ஸ் மேல் உட்கார்ந்திருக்கிறது. தூக்கி இரண்டடி தள்ளி வைத்ததும் முள் ஆடித் திரும்பியது. எதுவும் சொல்லாமல் அவர்களையே இன்னொரு முறை செய்து பார்க்க விட்டேன்.

இனிமேல்தான் என் குறும்பு. மைதானத்தை 1 செ.மீ.க்கு 2 மீ. என்று வரைந்து, கீழே 1:200 என்றும் எழுதி, 5 செ.மீ. கோடு ஒன்று போட்டு '10 மீ.' என்று குறித்தேன். பாதிக் குழுக்களுக்கு அந்தப் படம். மீதிக் குழுக்களுக்கு ஜெராக்ஸ் கடையில் நீள அகலம் பாதியாகச் சுருக்கிய நகல். குறிப்பு எல்லாருக்கும் ஒன்றே: கொடிக்கம்பத்திலிருந்து கிழக்கே வேப்பமரம், அங்கிருந்து வடக்கே ஒரு கல்.

பெரிய படத்தில் மரம் 6 செ.மீ. தள்ளி, அதாவது 12 மீட்டர். 10 மீட்டர் டேப்பை நீட்டி நடந்து, தன் ஒவ்வொரு எட்டும் அரை மீட்டர் என்று ஏற்கெனவே கண்டுவைத்திருந்த பையன் 24 எட்டில் மரத்தைத் தொட்டான். சின்னப் படத்தில் 3 செ.மீ.தான் இருந்தது. அந்தக் குழு 6 மீட்டர் போய் வெறும் மண்ணில் நின்றது.

"சார், மரத்தை வெட்டிட்டாங்களா?"

கடைசியில் ஒரு பெண் காகிதத் துண்டின் விளிம்பில் தூரத்தைக் குறித்து, அந்தக் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தாள். கோடும் 2.5 செ.மீ. ஆகச் சுருங்கியிருந்தது, ஆனால் '10 மீ.' அப்படியேதான் இருந்தது. அப்போ 1 செ.மீ. என்பது 4 மீட்டர், 3 செ.மீ. என்றால் 12. ஓடினார்கள். படம் சுருங்கினால் '1 செ.மீ.க்கு 2 மீ.' என்று எழுதிய அளவையும் 1:200 என்ற பின்னமும் பொய்யாகிவிடும், கோடு மட்டும் கூடவே சுருங்கும். 1:200ஐ அடித்துவிட்டு 1:400 என்று அவளே எழுதிக் கொடுத்தாள்.

எனக்கு எரிச்சல் என்னவென்றால், தேர்வில் இன்னும் 'அளவை என்றால் என்ன' என்றுதான் கேட்கிறார்கள். ஒரு சுருங்கிய படத்தைக் கொடுத்து அளக்கச் சொன்னால் என்ன கெட்டுவிடும்? நீ வினாத்தாள் குழுவில் இருக்கிறாயே, இதை அங்கே சொல்லு.

உங்கள் பள்ளியில் 30 மீட்டர் டேப் இருந்தால் மணி கையில் கொடுத்துவிடு. எட்டாம் வகுப்பு சும்மா விடமாட்டேன் என்கிறது.

அன்புடன்,
குமார்