நான் கேட்காத குறியீடு: உள்நுழைவுத் திரைகளை உருவாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

நான் இணையவழியில் நிரலாக்கம் கற்பிக்கும் ஆசிரியர். நாள்தோறும் பல மணி நேரம் என் மடிக்கணினியின் திரை மாணவர்களின் கண்முன் விரிந்து கிடக்கிறது. செயலிகளிலும் இணையதளங்களிலும் உள்நுழைவு, கடவுச்சொல் மீட்பு, ஓடிபி ஆகியவற்றுக்கான திரைகளையும் செய்திகளையும் வடிவமைக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். அழைப்பு மென்பொருளைச் செய்பவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு மாலை வகுப்பில் முழுத்திரையைப் பகிர்ந்திருந்தேன். நிரல் எழுதும் சாளரம், உலாவி, கட்டளைச் சாளரம் என்று மாறி மாறிக் காட்ட வேண்டியிருந்ததால் ஒரு சாளரத்தை மட்டும் பகிர்வது முடியாத காரியம். விளக்கிக்கொண்டிருக்கும்போது திரையின் மேல்மூலையில் மின்னஞ்சல் அறிவிப்பு ஒன்று எட்டிப் பார்த்தது. ஆறு இலக்க எண், அதையடுத்து "உங்கள் கணக்கை மீட்பதற்கான குறியீடு" என்ற சொற்கள். உடனே மூடினேன். பாடம் நடத்தும் தளத்திலிருந்து வந்த மடல் அது. யாரோ தவறுதலாக என் முகவரியைத் தட்டியிருப்பார்கள் என்று நினைத்துப் பாடத்தைத் தொடர்ந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அதே தளம் என்னை வெளியேற்றிவிட்டது. "உங்கள் கடவுச்சொல் மாற்றப்பட்டது" என்று அடுத்த மடல் வந்தது.

பதிவை ஓட்டிப் பார்த்தபோதுதான் புரிந்தது. அந்த அறிவிப்பு நான்கு விநாடிகள் திரையில் இருந்திருக்கிறது. எண்கள் ஆறும் தெளிவாகத் தெரிந்தன. என் மின்னஞ்சல் முகவரி பாடப் பக்கத்திலேயே இருக்கிறது. வகுப்பில் இருந்த ஒருவர் "கடவுச்சொல் மறந்துவிட்டதா?" என்ற பொத்தானை அழுத்தி, என் முகவரியைக் கொடுத்துவிட்டு, என் திரையைப் பார்த்துக் காத்திருந்தால் போதும். அந்தத் தளத்தின் குறியீடு பத்து நிமிடம் செல்லும். அவருக்கு அவ்வளவு நேரம் தேவைப்படவும் இல்லை.

தளத்தாரிடம் முறையிட்டேன். திரையைப் பகிரும்போது அறிவிப்புகளை அணைத்து வைத்திருக்க வேண்டும் என்று பதில் வந்தது. நல்ல அறிவுரைதான், இப்போது கடைப்பிடிக்கிறேன். ஆனால் அது பழுதைச் சரிசெய்யவில்லை. ஓடிபி பற்றிய எச்சரிக்கைகள் எல்லாம் ஒன்றை முன்வைத்தே எழுதப்படுகின்றன: குறியீட்டைக் கேட்பவர் கணக்கின் உரிமையாளர், ஆகவே அது எப்போது வரும் என்று அவருக்குத் தெரியும், அந்த நேரத்தில் பகிர்வை நிறுத்திக்கொள்வார். என் விஷயத்தில் நேரத்தைத் தேர்ந்தெடுத்தவர் எதிரில் இருந்தவர். நான் பகிர்ந்துகொண்டிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். குறியீடு வரப்போகிறது என்று எனக்குத் தெரியாது.

எனவே திரையில் தெரியும் குறியீடுகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்குமாறு வேண்டுகிறேன். ஒன்று நானே கேட்டது, மற்றது பிறர் கேட்டது. இரண்டுக்கும் மருந்து வேறு.

நானே கேட்டு வந்த குறியீட்டை நூறு பேர் பார்த்தாலும் கேடு நேராமல் தடுக்க முடியும். உள்நுழைவைத் தொடங்கிய அதே உலாவியின் அதே அமர்வில் மட்டும் அந்தக் குறியீடு செல்லுபடியாகட்டும். கடவுச்சொல்லைக் கொடுத்த அமர்வுக்கு ஓர் அடையாளம் வழங்கி, குறியீட்டோடு அதையும் சேர்த்துச் சரிபார்த்தால், வேறொரு கணினியிலிருந்து அதே ஆறு எண்களைத் தட்டுபவருக்குக் கதவு திறக்காது. இதைச் செய்யாமல் "இந்தக் கணக்குக்கு இந்த எண்" என்று மட்டும் ஒப்பிடும் தளங்களை நான் பார்த்திருக்கிறேன். சோதித்துப் பார்ப்பது எளிது: ஓர் உலாவியில் குறியீட்டைக் கேளுங்கள், மற்றொரு உலாவியில் அதே படிவத்துக்குப் போய் அதைக் கொடுங்கள். ஏற்றுக்கொண்டால் பழுது உங்கள் பக்கம் இருக்கிறது.

கூகுள் ஆதென்டிகேட்டர் போன்ற குறியீட்டுச் செயலிகள் காட்டும் எண்களுக்கு இந்த மருந்து பொருந்தாது. அவை எந்த அமர்வையும் சேர்ந்தவை அல்ல. வழக்கமாக 30 விநாடிக்கு ஒருமுறை மாறுபவை. அங்கே உங்களால் முடிந்தது, ஒருமுறை ஏற்ற எண்ணை இரண்டாம் முறை ஏற்காமல் இருப்பது. அந்த முறையை வரையறுக்கும் RFC 6238 ஆவணமே அப்படித்தான் சொல்கிறது.

பிறர் கேட்டு வரும் குறியீட்டுக்கு அமர்வுப் பிணைப்பு உதவாது. ஏனென்றால் அந்த அமர்வே அவருடையது. அங்கே குறியீடு கண்ணில் படாமல் இருப்பதுதான் ஒரே காப்பு. மின்னஞ்சல் வழியாகக் கடவுச்சொல்லை மீட்கும் இடத்தில் ஆறு இலக்க எண்ணை அனுப்பாதீர்கள். நீளமான, ஒருமுறை மட்டும் பயன்படும் இணைப்பை ஒரு பொத்தானுக்குள் வைத்து அனுப்புங்கள். அறிவிப்பில் பொத்தானின் சொற்கள்தான் தெரியும். அதன் பின்னால் இருக்கும் முகவரி தெரியாது. எண் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், மடலின் தலைப்பில் அதைப் போடாதீர்கள், முதல் இரண்டு மூன்று வரிகளிலும் போடாதீர்கள். தலைப்பில் எண்ணைப் போட்டால் மடலைத் திறக்காமலே படித்துவிடலாம் என்பதை ஒரு வசதியாகக் கருதுகிறீர்கள் என்று அறிவேன். அந்த வசதிதான் என் வகுப்பு முழுவதற்கும் கிடைத்தது.

குறுஞ்செய்தியிலும் இதற்கு வழி இருக்கிறது. தொலைபேசி தானாக எடுத்து நிரப்புவதற்கென்று ஒரு வடிவம் வழக்கத்தில் உள்ளது. கடைசி வரியில் தளத்தின் பெயரும் குறியீடும் வரும்:

```
@example.com #482913
```

மேலே வரும் வரிகள் மனிதர்கள் படிப்பதற்கு. எண்ணை முதல் வரியில் திரும்பவும் எழுத வேண்டும் என்று அந்த வடிவம் கட்டாயப்படுத்தவில்லை. "நீங்கள் கேட்கவில்லை என்றால் யாரோ உங்கள் கணக்கில் நுழைய முயல்கிறார்கள்" என்ற செய்தியை முதலில் வையுங்கள். சிறிய குறுஞ்செய்தி முழுவதும் அறிவிப்பிலேயே தெரிந்துவிடும் தொலைபேசிகள் உண்டு. அங்கே இது முழுக் காப்பு ஆகாது. ஆனாலும் முதல் வரி மட்டும் தெரியும் இடங்களில் காப்பாற்றும்.

இனி, நீங்கள் உருவாக்கும் திரைகள். கடவுச்சொல் பெட்டியில் புள்ளிகளைக் காட்டும் நீங்கள், அதற்கு அடுத்த திரையில் ஓடிபியை ஆறு பெரிய கட்டங்களில், தொலைவிலிருந்தும் படிக்கும்படி காட்டுகிறீர்கள். இணையப் பக்கம் தன்னைத் திரைப் பகிர்விலிருந்து மறைத்துக்கொள்ள உலாவி வழி தருவதில்லை. ஆகவே எண்களைப் புள்ளிகளாக்குவதுதான் அங்கே உள்ள வழி. பெட்டியைக் கடவுச்சொல் வகையாக மாற்றினால், கடவுச்சொல் மேலாளர்கள் அதைச் சேமிக்கட்டுமா என்று கேட்டுத் தொல்லை தரக்கூடும். வகையை மாற்றாமல் தோற்றத்தை மட்டும் மாற்றுங்கள்:

```html
<input inputmode="numeric" autocomplete="one-time-code"
       style="-webkit-text-security: disc">
```

எண்ணைப் பார்த்தே ஆக வேண்டியவர்களுக்குப் பக்கத்தில் ஒரு கண் பொத்தானை வையுங்கள். கடவுச்சொல் பெட்டியில் உள்ள கண் பொத்தானுக்கும் ஒரு வேண்டுகோள்: படிவத்தை அனுப்பும் கணத்தில் அது தானாக மூடிக்கொள்ளட்டும். கடவுச்சொல் தவறு என்று பக்கம் திரும்பி வரும்போது, முன்பு தட்டியது வெளிப்படையாக நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு எழுத்து மட்டும் பிழையான கடவுச்சொல் ஏறக்குறைய முழுக் கடவுச்சொல்தான்.

ஆண்ட்ராய்டு செயலிகளை எழுதுவோருக்கு நிலைமை இதைவிட நன்றாக இருக்கிறது. FLAG_SECURE என்ற கொடி நெடுங்காலமாக உண்டு. அதை இட்ட சாளரம் பகிர்வில் கறுப்பாகப் போய்விடும். ஆனால் சாதாரணத் திரைப்பிடிப்பையும் அது எந்நேரமும் தடுப்பதால், சிக்கலைப் படம் பிடித்து உதவி கேட்பவர்கள் திண்டாடுகிறார்கள். செயலி முழுவதற்கும் அதைப் போட்டுவிட்டால் என்னைப் போன்றவர்கள் அந்தச் செயலியை வகுப்பில் காட்டவே முடியாது. 2024இல் வந்த ஆண்ட்ராய்டு 15 இதற்கு இடைப்பட்ட வழியைத் தந்தது. குறிப்பிட்ட பெட்டியை மட்டும் கமுக்கமானது என்று குறித்துவிடலாம்:

```kotlin
otpField.setContentSensitivity(
    View.CONTENT_SENSITIVITY_SENSITIVE)
```

பகிர்வு நடக்கும்போது அந்தப் பெட்டி தெரிந்தால் மட்டும் அந்தச் சாளரம் மறைக்கப்படும். மற்ற நேரங்களில் எந்தத் தடையும் இல்லை. ஓடிபி உள்ள அறிவிப்புகளின் உள்ளடக்கத்தையும் அதே பதிப்பு பகிர்வின்போது மறைக்க முயல்கிறது. எது ஓடிபி என்பதை அது தானாக ஊகிக்க வேண்டியிருப்பதால் அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள். பழைய பதிப்புகளுக்கு, ஓடிபி திரையில் மட்டும் FLAG_SECURE போடுங்கள். மேலெழும் சிறு உரையாடல் பெட்டி தனிச் சாளரம் என்பதை மறக்க வேண்டாம். அடியில் இருக்கும் திரைக்கு இட்ட கொடி அதற்குப் போய்ச் சேராது. குறியீட்டைக் கேட்கும் பெட்டி அதுவாக இருந்தால் அதற்கும் தனியாக இட வேண்டும்.

கடைசியாக, குறியீட்டுச் செயலியை இணைக்கும்போது நீங்கள் காட்டும் கியூஆர் படம். இரண்டடுக்குப் பாதுகாப்பை எப்படி அமைப்பது என்று வகுப்பில் காட்டும்போது பலரும் இதில் சறுக்குகிறார்கள். ஆறு எண்கள் அரை நிமிடத்தில் செத்துவிடும். அந்தப் படத்தில் இருப்பது எல்லா எண்களையும் பிறப்பிக்கும் மூலத் திறவுகோல். வகுப்பின் பதிவை ஆறு மாதம் கழித்துப் பார்ப்பவர்கூட அதை வருடிக்கொண்டு, என் தொலைபேசி காட்டும் அதே எண்களைத் தம் தொலைபேசியில் பெறலாம். மீண்டும் புதிதாக இணைக்கும் வரை அது தீராது. அந்தப் படத்தைப் பக்கம் திறந்ததும் காட்டாமல், பயனர் பொத்தானை அழுத்தினால் மட்டும் காட்டுங்கள். "இதைப் பார்ப்பவர் யாரும் உங்கள் குறியீடுகளைப் பெற முடியும்" என்று பொத்தானின் மேலே எழுதுங்கள். இணைப்பு முடிந்ததும் படத்தை மறைத்துவிடுங்கள்.

இவற்றைச் செய்தபின் உங்கள் கணினியில் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். மறைக்கப்பட்ட சாளரம் பகிர்பவரின் கண்ணுக்கு எப்போதும்போலவே தெரியும். அதனால் வேலை செய்கிறதா இல்லையா என்பது அவருக்கு விளங்காது. இன்னொரு கருவியில் வேறொரு பெயரில் அதே அழைப்பில் சேருங்கள். முதல் கருவியில் முழுத்திரையைப் பகிருங்கள். பிறகு இரண்டாவது கருவியிலிருந்து, நான் மேலே சொன்ன மாணவரைப் போலவே, "கடவுச்சொல் மறந்துவிட்டதா?" பொத்தானை அழுத்துங்கள். எதிரில் என்ன தெரிகிறது என்பதைப் பதிவு செய்து, நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். உங்கள் அடுத்த பதிப்பு வெளிவருவதற்கு முன் ஒரே ஒருமுறை இதைச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் இணைய வகுப்பு ஆசிரியர்