பொங்கலுக்கு ஒரே கூப்பன் வேண்டாம்: நம் சேலைக் கடைச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விற்பனைக்கு ரீல்ஸ் போடுகிற ஐந்து பேரைப் பிடிப்பது, ஐந்து பேருக்கும் PONGAL10 என்ற ஒரே கூப்பனைக் கொடுப்பது, அதில் வரும் ஆர்டரை எண்ணி அடுத்த வருடம் யாரை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்வது. போன கூட்டத்தில் இப்படித்தான் பேசி முடித்தோம். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். காபி வந்தது, பேச்சு ஜிஎஸ்டிக்குப் போய்விட்டது, நானும் விட்டுவிட்டேன்.

ஒரே கூப்பனில் 200 ஆர்டர் வந்தால் 200 வந்தது தெரியும், அவ்வளவுதான். யாரால் வந்தது என்பது தெரியாது. ஆளுக்கு ஒரு கூப்பன் கொடுத்தாலும் பாதிக் கிணறுதான் தாண்டியிருப்போம். போடுகிற ஒவ்வொரு பதிவுக்கும் தனிக் கூப்பன் இருக்க வேண்டும். என் கடையில் பட்ட அனுபவத்தை வைத்தே சொல்கிறேன்.

950 ரூபாய் இளம்பிள்ளை சாஃப்ட் சில்க் சேலைக்கு ஒரே பெண்ணிடம் இரண்டு ரீல் போடச் சொன்னேன், ரீலுக்குப் பத்தாயிரம். முதல் ரீலில் சேலையைக் கட்டிக்கொண்டு பாட்டுக்கு ஆடினார். அதற்கு R07 என்ற கூப்பன், பத்து சதவீதம் தள்ளுபடி. இரண்டாவதில் ஜன்னல் பக்கம் நின்று சேலையின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார், முந்தானை எப்படி விழுகிறது என்று காட்டினார். அதற்கு R08. முதலாவதை இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள், இரண்டாவதை 18 ஆயிரம் பேர். R07-இல் 41 ஆர்டர், R08-இல் 26. இந்த அளவில் நிறுத்தியிருந்தால் ஆட்டத்துக்கே இன்னும் பத்தாயிரம் கொடுத்திருப்பேன்.

பார்சல் கட்டும்போதுதான் சந்தேகம் வந்தது. R07 போட்டவர்களில் பாதிப் பேர் தெரிந்த பெயர்களாக இருந்தார்கள். போன் நம்பரைப் பழைய பில்லோடு ஒத்துப் பார்த்ததில் 14 பேர் ஏற்கெனவே நம்மிடம் வாங்குகிறவர்கள். அடுத்து ஆர்டர் வந்த நேரத்தைப் பார்த்தேன். ஐந்தாம் நாள் சாயங்காலம் ஏழிலிருந்து ஒன்பது மணிக்குள் ஒன்பது ஆர்டர், எல்லாம் வேறு வேறு ஊர், ஒருவர்கூட நான் கொடுத்த லிங்க் வழியாக வரவில்லை. ஒருவருக்கு போன் போட்டுக் கேட்டேன். “கூப்பன் குரூப்ல வந்துச்சுக்கா” என்றார். கூப்பன் வெளியே கசிந்துவிட்டால் அடையாளம் இப்படித்தான் இருக்கும்: ரீலைப் பார்ப்பவர் எண்ணிக்கை ஏறாது, ஆர்டர் மட்டும் ஒரே மூச்சில் குவியும்.

மீதி 18. அதில் மூன்று கேஷ் ஆன் டெலிவரி பார்சல் திரும்பி வந்தது. தள்ளுபடி போக ஒரு சேலைக்கு எனக்கு நிற்பது 165 ரூபாய், 15 சேலைக்கு 2,475. கூப்பன் போட மறந்தவர்களும் உண்டு. ஆர்டரை உறுதி செய்கிற வாட்ஸ்அப் செய்தியிலேயே “எந்த வீடியோ பார்த்து வந்தீங்க?” என்று கேட்டுவிடுவேன். ஏழு பேர் ஆட்ட ரீலைச் சொன்னார்கள். தள்ளுபடி இல்லாததால் அவர்களிடம் சேலைக்கு 260 வீதம் 1,820. மொத்தம் 4,295. பழைய 14 பேரும் ரீலைப் பார்த்துத்தான் வாங்கினார்கள் என்று வைத்துக்கொண்டாலும் 6,605-ஐத் தாண்டவில்லை.

R08-இல் பழைய முகம் நான்குதான், கசிவு இல்லை, ஒரு பார்சல் திரும்பியது. மீதி 21 சேலைக்கு 3,465. கூப்பன் போடாமல் “பின்பக்கம் காட்டின வீடியோ” என்று சொன்னவர்கள் 16 பேர், அதில் 4,160. சேர்த்து 7,625. இதுவும் பத்தாயிரத்துக்குக் குறைவுதான். ஆனால் அடுத்த இரண்டு மாதத்தில் அதே கூப்பனில் இன்னும் 20 ஆர்டர் சொட்டுச் சொட்டாக வந்து கணக்கு நேராகிவிட்டது. ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், ரீல் மாதக்கணக்கில் ஓடும். PONGAL10-ஐ மூன்று நாளில் முடிப்பதாகச் சொன்னீர்களே, ரீலின் விற்பனையில் ஒரு பகுதி அந்த மூன்று நாளுக்குப் பிறகுதான் வரும். கசிவுக்குப் பயந்தால் ஒரு போன் நம்பருக்கு ஒரு முறை என்று கட்டுப்படுத்துங்கள், தேதியை நீட்டி வையுங்கள்.

அடுத்தது லிங்க். ரீலுக்குக் கீழே எழுதுகிற லிங்கைத் தொட்டால் திறக்காது. அதனால் ரீலுக்குக் கூப்பன்தான் கணக்கு. ஸ்டோரியில் ஒட்டுகிற லிங்க், பயோவில் வைக்கிற லிங்க், கமெண்ட் போட்டவருக்கு மெசேஜில் அனுப்புகிற லிங்க், இவை திறக்கும். வெப்சைட் வைத்திருப்பவர்கள் வாலில் இப்படிச் சேர்த்தால் போதும்:

```
?utm_source=instagram&utm_medium=story&utm_campaign=pongal&utm_content=s03
```

கடைசியில் இருக்கிற s03 தான் பதிவின் எண். ஒருவர் Instagram என்றும் இன்னொருவர் instagram என்றும் அடித்தால் கூகுள் அனலிட்டிக்ஸ் இரண்டையும் வேறு வேறு வரியாகக் காட்டும். எல்லாவற்றையும் சின்ன எழுத்திலேயே அடிக்க வேண்டும்.

நம்மில் பெரும்பாலோருக்கு வெப்சைட் கிடையாது, வாட்ஸ்அப்தான் கடை. அதற்கும் வழி இருக்கிறது:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=S03%20saree
```

வாடிக்கையாளர் இதைத் தொட்டால் அவருடைய வாட்ஸ்அப்பில் உங்கள் கடையின் சாட் திறந்து, S03 saree என்ற செய்தி அனுப்பத் தயாராக நிற்கும். நம்பருக்கு முன்னால் கூட்டல் குறி வேண்டாம், பூஜ்யமும் வேண்டாம். எந்த ஸ்டோரியிலிருந்து வந்தார் என்று அவருடைய முதல் செய்தியிலேயே தெரிந்துவிடும். சிலர் அதை அழித்துவிட்டு “அக்கா விலை?” என்று அனுப்புவார்கள், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

லிங்க் கணக்கை முழுசாக நம்பிவிடவும் வேண்டாம். இன்ஸ்டாகிராமில் தொட்டால் பக்கம் அதற்குள்ளேயே திறக்கும். பணம் கட்டும் நேரத்தில் யாராவது கூப்பிட்டால் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். மறுநாள் குரோமில் வெப்சைட் முகவரியை அடித்து வந்து வாங்கும்போது, எங்கிருந்தும் வராத ஆளாகக் கணக்கில் ஏறுவார்கள். இன்னொருவர் அதே லிங்கைக் குடும்பக் குரூப்பில் போடுவார். நாத்தனார் வாங்குவார், அதுவும் அந்த ஸ்டோரியின் கணக்கில் ஏறிவிடும். அதனால்தான் லிங்க், கூப்பன், “எந்த வீடியோ?” என்ற கேள்வி, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

கூப்பன் பெயரில் அழகு பார்க்க வேண்டாம். ஒரு முறை MAYIL என்று வைத்தேன். MAYEEL, MAIL, MYIL என்று அடித்துவிட்டு “அக்கா கோடு வேலை செய்யல” என்று ராத்திரி பதினொரு மணிக்கு மெசேஜ். ஓர் எழுத்து, இரண்டு எண் போதும். O, I இரண்டையும் விட்டுவிடுங்கள், பூஜ்யமும் ஒன்றும் என்று படித்துவிடுகிறார்கள்.

சங்கத்திடம் நான் கேட்பது இதுதான். ஐந்து பேரும் ஆளுக்கு மூன்று பதிவு போடுவதாகப் பேச்சு. பதினைந்து பதிவுக்குப் பதினைந்து கூப்பன் கொடுப்போம், தள்ளுபடி எல்லாவற்றிலும் அதே பத்து சதவீதம் இருக்கட்டும். பணம் பேசும்போது வெறும் ஆர்டர் எண்ணிக்கைக்குப் பேசாமல், திரும்பி வந்த பார்சல் போகப் புது நம்பர் எத்தனை என்பதற்குப் பேசுவோம். இதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், பிறகு சொன்னால் சண்டைதான் வரும். பதினைந்து கூப்பனும் லிங்க்கும் எழுதிய தாளை வியாழக்கிழமைக்குள் நானே தயார் செய்து செயலாளரிடம் கொடுத்துவிடுகிறேன். பழைய வாடிக்கையாளர் நம்பர்களை மட்டும் ஒவ்வொரு கடையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஆன்லைனில் சேலை விற்கும் உங்கள் உறுப்பினர் ஒருத்தி