பேத்தியின் செவ்வாய்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறுவதை மட்டும் விட்டுவிட்டேன். தோட்டத்து முருங்கை இந்த வருஷம் கிளை முறிகிற அளவு காய்த்திருக்கிறது. பறிக்கத்தான் ஆள் இல்லை.

பேத்தி விஷயத்தைப் படித்துவிட்டு அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. "ஏழில் செவ்வாய், வேண்டாம்" என்று ஒரே வரியில் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். அந்தப் பெண்ணை நாம் இடுப்பில் தூக்கி வளர்த்தோம். அவள் முகம் வாடினால் எனக்கும் பொறுக்காது. நீ அனுப்பிய நகலை எடுத்து வைத்துக்கொண்டு, நான் இரண்டு வருஷமாக வாசித்து வரும் பழைய கிரேக்க ஜோதிடத்தின் கண்ணோடு ஒருமுறை பார்த்தேன். அதில் நம் ஆட்கள் கேட்காத ஒரு கேள்வியை முதலில் கேட்கிறார்கள்: பிறந்தது பகலா, இரவா?

பகல் பலம், இரவு பலம் என்பது நமக்கும் உண்டே என்பாய். உண்டு. சூரியன், குரு, சுக்கிரன் பகலில் பலம். சந்திரன், செவ்வாய், சனி இரவில் பலம். புதனுக்கு எப்போதும் பலம். கிரேக்கர்கள் கேட்பது பலத்தை அல்ல. இந்தக் கிரகம் உன் கட்சியா, எதிர்க்கட்சியா என்று கேட்கிறார்கள். அவர்கள் அதற்கு வைத்த பெயர் 'ஹைரெசிஸ்'. கட்சி என்றே சொல்லலாம். பகல் கட்சிக்குச் சூரியன் தலைவர், கூட இருப்பவர்கள் குருவும் சனியும். இரவுக் கட்சிக்குச் சந்திரன் தலைவர், கூட இருப்பவர்கள் சுக்கிரனும் செவ்வாயும். புதன் சூரியனுக்கு முன் உதித்தால் பகல் கட்சி, பின்னால் வந்தால் இரவுக் கட்சி.

நம் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார். சனியும் சுக்கிரனும் இடம் மாறி உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு முதலில் இது அச்சுப்பிழையாகப் பட்டது. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் இருந்த தாலமி இதற்குக் காரணம் சொல்கிறார். சனி குளிர்ந்தவன், அவனைப் பகலின் வெயிலில் வைத்தால் அந்தக் குளிர் தணியும். செவ்வாய் வறண்ட சூடு, அவனை இரவின் ஈரத்தில் வைத்தால் அந்தச் சூடு அடங்கும். கெடுபலன் தருகிற இந்த இரண்டு பாபர்களையும் கிரேக்கர்கள் சேர்த்தது, அவற்றின் மிகுதியைக் குறைக்கிற வேளையோடு. நம் சித்த மருத்துவர் பித்த உடம்புக்குக் குளிர்ச்சியான மருந்து கொடுக்கிற மாதிரிதான்.

இதனால் பலன் எப்படி மாறுகிறது? பகலில் பிறந்தவனுக்குக் குருதான் முழு மனதோடு கொடுக்கிறவர். சனி கண்டிப்பான தாத்தா மாதிரி, திட்டினாலும் வீட்டைக் காப்பார். அவனுக்கு உண்மையான தொல்லை செவ்வாய். இரவில் பிறந்தவனுக்கு இது தலைகீழ். சுக்கிரன் தாராளமாகக் கொடுப்பார், செவ்வாய் சொன்ன பேச்சு கேட்பார், சனிதான் கழுத்தைப் பிடிப்பார். குரு இரவிலும் நல்லவர்தான், கை மட்டும் கொஞ்சம் இறுகியிருக்கும்.

உலகம் அறிந்த ஒரு ஜாதகத்தில் இதைக் காட்டுகிறேன். இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத், 1926 ஏப்ரல் 21, லண்டன், அதிகாலை 2:40. சூரியன் உதிக்க இன்னும் வெகுநேரம் இருக்கிறது, ஐயத்துக்கு இடமில்லாத இரவு ஜனனம். மேற்கத்தியர் கையாளும் சாயன முறையில் மகர லக்னம், லக்னாதிபதி சனி விருச்சிகத்தில், ஏறக்குறைய உச்சிவானத்தின் மேலேயே நிற்கிறார். (நம் கணக்கில் லக்னம் தனுசுக்குப் போகும், சனி விருச்சிகத்திலேயே இருப்பார்.) சனி இவருக்கு எதிர்க்கட்சி, ஆனால் ஜாதகத்திலேயே உயரமான இடத்தில் இருக்கிறார். இன்னொன்றும் உண்டு. பகல் பிறப்புக்குச் சூரியனும் இரவுப் பிறப்புக்குச் சனியும் பிதுர்காரகர் என்று நம் வராகமிகிரர் சொன்னது உனக்கு மனப்பாடம். தாலமியும் அதையேதான் சொல்கிறார், இரண்டு தேசமும் இந்த இடத்தில் கைகோக்கின்றன. ஆக, அப்பாவைக் குறிக்கிற கிரகம், எதிர்க்கட்சிப் பாபராக, பதவிக்குரிய இடத்தில் நிற்கிறது. 1952 பிப்ரவரி 6 அன்று அப்பா இறந்தார். 25 வயதுப் பெண், கென்யாவில் இருந்தபோது ராணியானார். பதவி வந்த வழியே ஒரு சாவு. அதற்குப் பிறகு எழுபது வருஷம் அந்தச் சுமையை இறக்கி வைக்கவில்லை. இதே சனி பகல் ஜனனத்தில் உச்சியில் நின்றிருந்தால், படிப்படியாக உழைத்து ஏறிய பதவி என்று வாசித்திருப்பார்கள்.

இப்போது நம் பெண்ணுக்கு வருகிறேன். நகலின் ஓரத்தில் யாரோ "பகல்" என்று எழுதியிருக்கிறார்கள். காலை 5:35 என்றதும் விடிந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். வெளிச்சம் வந்திருக்கும், ஆனால் அன்று உதயம் 5:55. சூரியன் அடிவானத்துக்கு மேலே வந்ததா என்பது மட்டும்தான் கணக்கு, வெளிச்சம் கணக்கில்லை. கட்டத்திலேயே சரிபார்க்கலாம். லக்னம் மேஷத்தில் 13 பாகை, சூரியனும் மேஷத்தில் 18 பாகை. லக்னத்தைவிடப் பாகை கூடியது இன்னும் உதிக்கவில்லை என்று அர்த்தம். உன் அப்பா எழுதிய நோட்டு இருந்தால், முந்தின நாள் உதயத்திலிருந்து எண்ணிய உதயாதி நாழிகையையும் பார். 59 நாழிகை 10 விநாழிகை என்று இருக்க வேண்டும். பஞ்சாங்கத்தில் அன்றைய பகல் அளவான அகஸ் 31 நாழிகைக்குச் சற்று மேல்தான் இருக்கும். அகஸைத் தாண்டினால் இரவு. இதில் அயனாம்சச் சண்டையும் கிடையாது, எந்த அயனாம்சம் போட்டாலும் சூரியனும் லக்னமும் சேர்ந்தே நகரும்.

ஆக அவள் இரவுப் பிள்ளை. அவளுக்குச் செவ்வாய் சொந்தக் கட்சி, அதுவும் லக்னாதிபதி, ஏழிலிருந்து தன் வீட்டையே பார்க்கிறார். கிரேக்கக் கண்ணுக்கு ஒரு குறை இருக்கிறது, உன்னிடம் மறைக்க மாட்டேன். துலாம் அவருக்கு ஆகாத வீடு, ஏழாம் இடம் கேந்திரம் என்பதால் அவர் சும்மாவும் இருக்க மாட்டார். சூடான, பேச்சில் வெட்டு விழுகிற மாப்பிள்ளையாக வரலாம், கல்யாணத்துக்குப் பிறகு முதலில் சத்தம் இருக்கும். ஆனால் குடும்பத்தை உடைக்கிற செவ்வாயாக இதை அந்தப் பழையவர்கள் வாசிக்க மாட்டார்கள். பகலில் பிறந்திருந்தால் நானே யோசித்திருப்பேன்.

ஒன்றே ஒன்று உறுதியாக வேண்டும். 5:35 என்பது யார் பார்த்த நேரம்? ஆஸ்பத்திரிக் கடிகாரமா, வீட்டுக்குத் தகவல் வந்த நேரமா? இருபது நிமிஷம் பிசகினால் கட்சியே மாறிவிடும். தகவல் வந்த நேரம் என்றால் உண்மையான நேரம் இன்னும் முன்னால்தான் இருக்கும், நமக்கு நல்லதுதான். உன் மருமகளை உட்கார வைத்துப் பொறுமையாகக் கேள், பிரசவ அறையில் இருந்தவள் அவள்தானே. அந்த நோட்டையும் பரணிலிருந்து இறக்கிப் பார்த்துவிட்டு எழுது. சுக்கிரன் எங்கே என்று நகலில் மை ஊறித் தெளிவாகத் தெரியவில்லை, அதையும் எழுது. இரவுப் பிள்ளைக்கு அவர்தான் முதல் ஆள்.

முருங்கைக்காய் அடுத்த வாரம் பஸ்ஸில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
ராமநாதன்