கத்தி ஒரு கேள்வியில், ஸ்டாக் ஒரு கேள்வியில், சாஸ் ஒரு கேள்வியில்: வினாத்தாள் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

சமையல் கலை தியரி தாளுக்கு வினாவும் விடைக்குறிப்பும் தயாரிப்பவர்களுக்கு,

வணக்கம். பல வருடங்களாக இந்தத் தாளை நடத்துகிறேன், விடைத்தாளும் திருத்துகிறேன். சொல்ல வந்தது ஒரே விஷயம்தான். வெட்டு முறைகளை ஒரு கேள்வியாகவும், ஸ்டாக்கை இன்னொன்றாகவும், மதர் சாஸ்களை மூன்றாவதாகவும் தனித்தனியாகக் கேட்கிறீர்கள். ஆனால் அடுப்படியில் இவை மூன்றும் ஒரே வேலை. வெட்டில் செய்த தவறு சாஸில் வந்து நிற்கும். தாளில் மட்டும் அது எங்கேயும் தெரியாமல் போய்விடுகிறது.

போன முறை நடந்தது இது. ஒரு மாணவி தியரியில் மிர்புவா கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள். வெங்காயம் இரண்டு பங்கு, கேரட் ஒரு பங்கு, செலரி ஒரு பங்கு, எடைக் கணக்கில் என்று பிசகில்லாமல் எழுதியிருந்தாள். புருனுவாஸ் என்றால் 3 மில்லிமீட்டர் கனசதுரம் என்றும் எழுதியிருந்தாள். மறுவாரம் செய்முறை வகுப்பில் பிரவுன் ஸ்டாக். காய் அத்தனையையும் அந்த 3 மில்லிமீட்டர் புருனுவாஸாகவே வெட்டி வைத்திருந்தாள். கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தது, ஒன்றுக்கொன்று துளி வித்தியாசமில்லை. அதை வாணலியில் வறுக்கப் போட்டதும் நடு பொன்னிறமாவதற்குள் ஓரங்கள் கருகிவிட்டன. கருகியதைப் பொறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தை மாட்டு எலும்போடு ஏழு மணி நேரம் கொதிநிலைக்குக் கீழே வைத்தோம். வடிகட்டும்போது காய் என்று சொல்ல எதுவும் இல்லை. கூழாகிக் கரைந்து, துணியையும் தாண்டிக் கீழே வந்திருந்தது. ஸ்டாக் கலங்கலாக இருந்தது, ஓரத்தில் லேசான கசப்பு. அதை வைத்துச் செய்த எஸ்பன்யோல் சாஸிலும் அதே கசப்பு, இன்னும் கொஞ்சம் தூக்கலாக.

அவள் மேல் தப்பு சொல்ல எனக்கு மனமில்லை. வெட்டு என்றால் எத்தனை மில்லிமீட்டர் என்றுதான் நாம் கேட்டிருக்கிறோம். எதற்காக அந்த அளவு என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

காரணம் எளிது. ஸ்டாக்கில் போடும் காயின் அளவைத் தீர்மானிப்பது அது பானையில் இருக்கப்போகும் நேரம். மீன் எலும்பு 30 முதல் 45 நிமிடம்தான் வேகும். அதற்குள் காயின் சாறு இறங்க வேண்டும், அதனால் மெல்லிய சீவல். கோழி எலும்புக்கு மூன்று நான்கு மணி நேரம், அங்கே ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட துண்டு. மாட்டு எலும்புக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம், ஆகவே இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டு. காயை முதலிலேயே போடாமல் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் சேர்ப்பேன் என்று ஒரு மாணவர் எழுதி, சிறிய துண்டு போதும் என்று சொன்னால், அதுவும் சரிதான். இன்றைய விடைக்குறிப்பில் அதற்குப் பூஜ்யம்.

இன்னொரு பூஜ்யமும் இருக்கிறது. ஜூலியன் வெட்டின் தடிமன் ஒரு புத்தகத்தில் 3 மில்லிமீட்டர், இன்னொன்றில் 2 மில்லிமீட்டர். எந்தப் புத்தகத்தைப் படித்தார் என்பதற்காக ஒருவருக்கு மதிப்பெண் போகக் கூடாது. 2 முதல் 3 என்று போட்டுவிடுங்கள், முடிந்தது.

சரி, தனித்தனியாகக் கேட்பதற்குப் பதில் எப்படிக் கேட்கலாம்? என் வகுப்புத் தேர்வில் வைத்த கேள்வியை அப்படியே தருகிறேன்.

'ஒருவர் மீன் ஸ்டாக் செய்கிறார். காயை 3 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டுகிறார். எலும்பைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, தளதளவென்று ஒன்றரை மணி நேரம் கொதிக்க விடுகிறார். சுவை பார்த்து உப்பும் போடுகிறார். இதில் ஒரு லிட்டர் எடுத்து, 60 கிராம் வெண்ணெயும் 60 கிராம் மாவும் சேர்த்த ரூவில் வெலூட்டே செய்கிறார். சாஸில் என்னென்ன குறை தெரியும்? ஒவ்வொன்றும் எந்த இடத்தில் தொடங்கியது?'

விடையைப் பாருங்கள். ரூவின் அளவில் குறையில்லை, ஒரு லிட்டருக்கு 120 கிராம் போதுமானது. மாணவர் இதை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். நிறைய பேர் இங்கேதான் வழுக்குவார்கள், சாஸ் என்றாலே தப்பு ரூவில்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு. சாஸ் கலங்கியிருக்கும், ஏனென்றால் எலும்பு சூடான தண்ணீரில் விழுந்தது. குளிர்ந்த தண்ணீரில் தொடங்கினால் எலும்பிலிருந்து புரதம் மெல்லக் கரைந்து, சூடு ஏற ஏறத் திரண்டு நுரையாக மேலே வரும், கரண்டியால் எடுத்துவிடலாம். கொதிநீரில் அது சட்டென்று பொடிப் பொடியாக உறைந்து உள்ளேயே தங்கிவிடும். தளதளவென்ற கொதி கொழுப்பையும் அதோடு அடித்துக் கலக்கிவிடும். கசப்பு எங்கிருந்து? மீன் எலும்பு ஒன்றரை மணி நேரம் கிடந்ததிலிருந்து. வெட்டில் என்ன தவறு? உரிய அரை மணி நேரத்தில் அவ்வளவு பெரிய துண்டின் நடுவிலிருந்து சாறு முழுதாக இறங்காது. ஒருவேளை அதற்காகவே அவர் நேரத்தைக் கூட்டியிருக்கலாம். வெட்டு தவறியது, நேரம் நீண்டது, கசப்பு வந்தது என்று கோத்து எழுதுகிற மாணவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு முழு மதிப்பெண் போடுவேன்.

உப்பு கடைசி. வெலூட்டே மாவு வாசனை போக அரை மணி நேரமாவது மெல்லக் கொதிக்க வேண்டும், அதில் கொஞ்சம் சுண்டும், உப்பு ஏறும். இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் டெமிகிளாஸ் கணக்கைக் கொடுங்கள். எஸ்பன்யோல் ஒரு லிட்டர், பிரவுன் ஸ்டாக் ஒரு லிட்டர், இரண்டிலும் லிட்டருக்கு 6 கிராம் உப்பு. பாதியாகச் சுண்டினால் மிஞ்சும் ஒரு லிட்டரில் 12 கிராம். ஸ்டாக்கில் உப்பு போடக் கூடாது என்ற ஒரு வரியை மனப்பாடம் செய்தவருக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவருக்கும் வித்தியாசம் உண்டு.

ஐந்து மதர் சாஸ்களின் பெயரைக் கேட்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பெயர் தெரியாமல் வேலை நடக்காது, ஒரு மதிப்பெண்ணுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதையே பத்து மதிப்பெண்ணுக்கு நீட்டி, கட்டம் போட்டு நிரப்பச் சொல்வதுதான் எனக்குப் புரியவில்லை. ஹாலண்டேஸுக்கு ஸ்டாக்கே வேண்டாம், பெஷமலுக்குப் பால். அப்படியிருக்க ஐந்தையும் ஒரே கட்டத்தில் அடைத்து ஒரே மாதிரி விடை கேட்டால் மாணவர் கட்டத்தைத்தான் படிப்பார்.

இப்படிக் கேட்டால் திருத்த நேரம் ஆகும் என்று சொல்வீர்கள், உண்மைதான். என் வகுப்பில் ஒரு விடைக்கு நான்கு நிமிடம் ஆனது, பழைய கேள்விக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அதனால் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லவில்லை. பத்து மதிப்பெண் கேள்விகளில் ஒன்றை மட்டும் இப்படி வையுங்கள். மீன், கோழி, மாடு மூன்றுக்கும் தனித்தனி கேள்வியும் விடைக்குறிப்பும் எழுதி வைத்திருக்கிறேன். கேட்டால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
விடைத்தாள் திருத்தும் ஓர் ஆசிரியர்