கச்சத்தீவுத் திருவிழா: தேதியை முன்கூட்டியே சொல்லுங்கள்

கச்சத்தீவு புனித அந்தோணியார் திருவிழாவை இரு கரைகளிலும் ஏற்பாடு செய்யும் மதிப்பிற்குரியோருக்கு,

வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் அக்கரையான இலங்கையிலிருந்து அழைப்புக் கடிதம் வரும். அதன் பிறகுதான் இக்கரையில் தேதி தெரியும், படிவம் கிடைக்கும், சான்றிதழ்களுக்கு அலைச்சல் தொடங்கும். இத்தனைக்கும் இது மழையையோ கடலையோ பார்த்து முடிவு செய்யும் தேதி அல்ல. பல ஆண்டுகளுக்கு முன்பே கணக்கிட்டுவிடக்கூடிய தேதி. எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கான திருவிழாத் தேதிகளை எழுத்தில் வெளியிடுங்கள். பதிவு செய்தவர்களுக்கு ஒவ்வொரு கட்டத்திலும் நேரடியாகத் தகவல் கொடுங்கள்.

திருவிழா தவக்காலத்தில் வருவதும், தவக்காலம் ஈஸ்டரைப் பொறுத்து நகர்வதும், ஈஸ்டர் நிலவைப் பொறுத்து நகர்வதும் உங்களுக்குத் தெரிந்தவையே. ஆனால் நகரும் தேதி என்பதாலேயே அது நிச்சயமில்லாத தேதி ஆகிவிடாது. கடந்த ஆண்டுகளின் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் கணக்கு தெளிவாகத் தெரிகிறது. 2023இல் ஈஸ்டர் ஏப்ரல் 9, திருவிழா மார்ச் 3, 4. 2024இல் ஈஸ்டர் மார்ச் 31, திருவிழா பிப்ரவரி 23, 24. 2025இல் ஈஸ்டர் ஏப்ரல் 20, திருவிழா மார்ச் 14, 15. 2026இல் ஈஸ்டர் ஏப்ரல் 5, திருவிழா பிப்ரவரி 27, 28. இந்த நான்கில் எந்த ஆண்டை எடுத்தாலும் ஈஸ்டரிலிருந்து 37 நாள் பின்னோக்கி எண்ணினால் கொடியேற்றும் வெள்ளிக்கிழமை வந்து நிற்கிறது. தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறுக்கு முந்தைய வெள்ளியும் சனியும் என்று சொன்னாலும் அதே நாட்கள்தான்.

இந்தக் கணக்கை மக்களே போட்டுக்கொள்ளலாமே என்று கேட்கலாம். போட்டவர்கள் தவறிய இடங்கள் இரண்டு உண்டு. முதலாவது, எந்தப் பௌர்ணமி என்பது. ஈஸ்டர் என்பது மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு. ஆனால் திருச்சபை எடுத்துக்கொள்வது வானத்துப் பௌர்ணமியை அல்ல, தன் அட்டவணையில் உள்ள பௌர்ணமியை. பெரும்பாலும் இரண்டும் ஒத்துப்போகும். ஒன்றிரண்டு நாள் வித்தியாசம் வந்தாலும் ஞாயிறு மாறாது. 2019இல் மாறியது. அவ்வாண்டு மார்ச் 21 காலையில் பௌர்ணமி. காலண்டரைப் பார்த்தவர் ஈஸ்டர் மார்ச் 24 என்று எண்ணியிருப்பார். திருச்சபை அட்டவணையிலோ அந்தப் பௌர்ணமி மார்ச் 20, எல்லைக்கு ஒரு நாள் முன்பு. ஆகவே அடுத்த பௌர்ணமிக்குப் போய், ஈஸ்டர் ஏப்ரல் 21 ஆனது. திருவிழா மார்ச் 15, 16இல் நடந்தது. வீட்டுக் காலண்டரை நம்பியவர் பிப்ரவரி 15க்கு விடுப்பு எழுதியிருப்பார், நான்கு வாரம் முன்னதாக.

இரண்டாவது, எந்தக் கிழமைகள் என்பது. 2016இல் பிப்ரவரி 20, 21. 2017இல் மார்ச் 11, 12. இவை சனியும் ஞாயிறும். 2018 முதல் வெள்ளியும் சனியும். வாரம் அதேதான், நாள் மட்டும் ஒன்று முன்னே நகர்ந்திருக்கிறது. இந்த ஒரு நாள் அலுவலகம் போகிறவருக்குச் சிறியதல்ல. சனி, ஞாயிறு என்றால் விடுப்பே வேண்டாம் என்ற நிலை. வெள்ளி, சனி என்றால் வியாழனே ராமேஸ்வரத்தில் இருந்தாக வேண்டும். எனவே 'தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறுக்கு முந்தைய வெள்ளி, சனி' என்ற விதியை நீங்கள் எழுதிக் கையெழுத்திட்டு அறிவிக்க வேண்டும். நாங்கள் ஊகிப்பது ஒருநாளும் அறிவிப்பாகாது.

வரும் 2027ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஈஸ்டர் மார்ச் 28. விதிப்படி திருவிழா பிப்ரவரி 19, 20. இது 2026ஐ விட எட்டு நாளும், 2025ஐ விட மூன்று வாரத்துக்கு மேலும் முன்னதாக வருகிறது. 'பொங்கல் கழியட்டும், பார்த்துக்கொள்ளலாம்' என்று 2025இல் இருந்திருந்தால்கூட, பொங்கலிலிருந்து கொடியேற்றத்துக்கு 59 நாள் கையில் இருந்தது. 2027இல் அதே எண்ணத்தில் இருந்தால் மிஞ்சுவது 35 நாள். அதற்குள் படிவம் வாங்க வேண்டும். குற்ற வழக்கு இல்லை என்று காவல் நிலையத்தில் சான்று பெற வேண்டும். அரசு ஊழியராக இருந்தால் துறையிடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். பட்டியல் தொகுத்து அக்கரைக்குப் போக வேண்டும். படகுகளை மீன்வளத் துறையினர் சோதித்துப் பார்க்க வேண்டும். இதில் காவல் நிலையச் சான்று ஒன்று பத்து நாள் இழுத்தாலே மற்ற எல்லாம் சாய்ந்துவிடும்.

ரயில் டிக்கெட்தான் இன்னும் கொடுமை. 2024 நவம்பர் 1 முதல் ரயில்வே முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. வெள்ளி காலை படகேற வேண்டுமானால், சென்னையில் இருப்பவர் 2027 பிப்ரவரி 17 புதன் இரவு வண்டி ஏறி, வியாழன் காலையில் ராமேஸ்வரத்தில் இறங்க வேண்டும். அந்த வண்டிக்கு முன்பதிவு தொடங்குவது 2026 டிசம்பர் 19. அன்று காலையில் தேதி தெரிந்தவர் படுக்கை வசதியோடு போவார். ஜனவரியில் தெரிந்தவர் காத்திருப்போர் பட்டியலில் நிற்பார். குழந்தையையும் வயதான அம்மாவையும் கூட்டிக்கொண்டு பொதுப் பெட்டியில் இரவு முழுக்க நின்று வந்து, விடியலில் சுங்கச் சோதனை வரிசையில் நின்று, பிறகு விசைப்படகின் தளத்தில் வெயிலில் உட்கார்ந்து, குடிநீர்கூட இல்லாத தீவில் இறங்குகிறவர்கள் இவர்கள். சிலுவைப்பாதைக்கு முழந்தாளிட வேண்டியவர்கள் அதற்கு முன்பே களைத்துப் போகிறார்கள். இந்தச் சிரமத்தில் கடல் தந்தது பாதி. மீதிப் பாதி தாமதமான ஓர் அறிவிப்பு தந்தது. அதைத் தவிர்க்க முடியும்.

அரசுகளின் அனுமதி வராமல் எப்படித் தேதி சொல்வது என்ற தயக்கம் உங்களுக்கு இருப்பது புரிகிறது. இங்கேதான் இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. திருவிழா எந்த நாள் என்பது திருவழிபாட்டு நாட்காட்டியின் விஷயம். அதற்கு யாருடைய ஒப்புதலும் தேவையில்லை. அந்த நாளில் எத்தனை படகு, எத்தனை பேர், எத்தனை மணிக்குப் புறப்பாடு என்பதுதான் அனுமதியின் விஷயம். முதலாவதை ஐந்து ஆண்டுகளுக்கும் இன்றே சொல்லலாம். 2028இல் மார்ச் 10, 11. 2029இல் பிப்ரவரி 23, 24. 2030இல் மார்ச் 15, 16. இரண்டாவதை 'அனுமதிக்கு உட்பட்டது' என்ற ஒரு வரியோடு பிறகு சொல்லலாம். அந்த வரியைப் புரிந்துகொள்ள முடியாதவர்கள் அல்ல நாங்கள்.

அனுமதி இருந்தும் பயணம் நின்றுபோகும் என்பதையும் 2024 காட்டியது. எங்கள் மீனவர்களுக்கு அக்கரை நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது; படகுக்காரர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள்; திருவிழாவுக்கு ஒரு வாரம்கூட இல்லாத நேரத்தில் இக்கரைப் பயணம் ரத்தானது. போராடியவர்களை எவ்விதத்திலும் குறை சொல்லமாட்டோம். படகும் அவர்களுடையது, வேதனையும் அவர்களுடையது. ஆனால் தொலைவிலிருந்து பதிவு செய்த ஒருவருக்கு இப்படியொரு செய்தி போய்ச் சேர உறுதியான ஒரு வழி வேண்டாமா? செய்தித்தாளில் கண்ணில் பட்டால் உண்டு, இல்லாவிட்டால் துறைமுகத்தில் வந்து தெரிந்துகொள்ள வேண்டும் என்று விடக் கூடாது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கச்சத்தீவை இலங்கைக்கு விட்டுக்கொடுத்த 1974 ஒப்பந்தத்தில் எங்களுக்கு மிஞ்சியவற்றில் இந்தத் திருப்பயணமும் ஒன்று. வழக்கம்போல் கச்சத்தீவுக்கு வந்து போகலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ இலங்கை கேட்காது என்று அதன் ஐந்தாம் பிரிவு சொல்கிறது. காகிதத்தில் விசா வேண்டாம். நடப்பில் சான்று மேல் சான்று, பட்டியல் மேல் பட்டியல். ஆண்டுக்கு இரண்டே நாள் திறக்கும் வழி இது. ராமேஸ்வரத்துக் குடும்பமும் யாழ்ப்பாணத்துக் குடும்பமும் ஒரே மணலில் அமர்ந்து திருப்பலி காண்பது அந்த இரண்டு நாளில் மட்டும்தான். தேதி தாமதமானால் நெடுந்தொலைவிலிருந்து வருகிறவர், விடுப்பு கிடைக்காதவர், தினக்கூலிக்காரர் என்று ஒவ்வொருவராக விலகுவார்கள். யாரும் தடுக்காமலே உரிமை தேய்ந்துபோகும். குறிகட்டுவானிலிருந்து படகேறும் அக்கரை மக்களுக்கும் விடுப்பு, பேருந்து, பதிவு என்ற தொல்லைகள் உண்டு என்பதால்தான் இம்மடலை இரு கரைக்கும் சேர்த்து எழுதுகிறோம்.

கோபம் சற்று மேலெழுந்திருந்தால் பொறுத்தருளுங்கள். நடைமுறைக்கு நாங்கள் பணிவுடன் முன்வைப்பது இவ்வளவுதான். 2027 திருவிழாவின் தேதியை 2026 அக்டோபர் தொடக்கத்திலேயே, பின்வரும் ஆண்டுகளின் தேதிகளோடு சேர்த்து, இரு கரைகளிலும் ஒரே நாளில் அறிவியுங்கள். பதிவை நவம்பரில் திறந்து டிசம்பர் பாதிக்குள் முடியுங்கள். அப்படியானால் ரயில் முன்பதிவு தொடங்கும் நாளுக்கு முன்பே பயணி தன் நிலையை அறிவார், காவல் நிலையச் சான்றுக்கும் ஜனவரி முழுதும் இருக்கும். படிவத்தில் கைபேசி எண்ணுக்கு ஒரு கட்டம் வையுங்கள். பதிவு ஏற்கப்பட்டது என்று ஒரு குறுஞ்செய்தி, பட்டியல் உறுதியானதும் ஒன்று, புறப்பாட்டுக்கு ஒரு வாரம் முன்பு படகு எண்ணும் துறைமுகத்துக்கு வர வேண்டிய நேரமும் தாங்கி ஒன்று. பயணம் ரத்தானால் அன்றே ஒன்று, கட்டிய பணம் எப்போது எப்படித் திரும்பும் என்பதோடு. கைபேசி இல்லாதவர்களுக்காக அவரவர் பங்குத்தளத்து அறிவிப்புப் பலகையில் அதே பட்டியல் ஒட்டப்படட்டும்.

விசைப்படகு உரிமையாளர்களுக்கும் இதே அறிவிப்பு அக்டோபரிலேயே போக வேண்டும். ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. திருவிழாச் சனி அவர்களுக்குத் தொழில் நாள். அதை விட்டுக்கொடுத்துத்தான் பயணிகளை ஏற்றுகிறார்கள். பலகை மாற்றுவதோ எஞ்சின் பார்ப்பதோ பிப்ரவரியிலா மார்ச்சிலா என்று முடிவு செய்ய அவர்களுக்கும் தேதி தெரிந்தாக வேண்டும்.

2027க்கான முதல் அறிவிப்பை அக்டோபரில் எதிர்பார்த்திருக்கிறோம். தயவுகூர்ந்து ஆவன செய்யுங்கள்.

இப்படிக்கு,
கச்சத்தீவுத் திருப்பயணிகள்